சராசரி மாதமா, குறைந்த மாதமா?

கமிஷனிலும் ஃப்ரீலான்ஸ் வேலையிலும் வாழ்பவர்கள் மாதச் செலவைத் திட்டமிட அடிப்படையாகும் வருமானத்தை எதை வைத்துக் கணக்கிடுவது? ஆறு மாத வருமானம் ஆயிரங்களில் 30, 55, 22, 70, 28, 35 என்று வைத்துக்கொள்வோம்.

செலவு வரம்பு
சராசரி: 40. குறைந்தது: 22.

பற்றாக்குறை
சராசரி: நான்கு மாதங்களில் வருமானம் 40-ஐ எட்டவில்லை. கையிருப்பின்றித் தொடங்கினால் மூன்றாம் மாத முடிவில் 13 ஆயிரம் கடன்; 70 வந்த மாதம்தான் அதை அடைக்கிறது.
குறைந்தது: கடன் இல்லை, ஆறு மாதத்தில் 108 ஆயிரம் மிஞ்சுகிறது.

கடைப்பிடிப்பது
சராசரி: எளிது.
குறைந்தது: வாடகை, உணவு, தவணை மட்டுமே 26 ஆகிவிட்டால் இந்த வரம்பு உடைந்துவிடும். அப்போது 26-ஐயே அடிப்படையாக்குங்கள். மூன்றாம் மாதம் குறையும் 4 ஆயிரத்தை முந்தைய மிச்சம் தாங்கும்.

புதிதாகத் தொடங்குபவருக்குக் குறைந்த மாதமே சரி. இரண்டு மாதச் செலவு தனிக் கணக்கில் சேர்ந்தவர் சராசரிக்கு மாறலாம். வரிக்கான பங்கை முதலிலேயே கழித்துவிட்டுத்தான் இரண்டையும் கணக்கிட வேண்டும்.