ஒரே ஆட்டம், இரு பந்தயங்கள்: எதில் கழிவு குறைவு?

சிங்கப்பூரில் சட்டப்படி காற்பந்துப் பந்தயம் கட்டச் சிங்கப்பூர் பூல்ஸ் ஒன்றே வழி என்பதால், நிறுவனங்களை ஒப்பிடுவதைவிட ஒரே ஆட்டத்தின் பந்தய வகைகளை ஒப்பிடுவதே பயன் தரும். கணக்கு எளிது: விகிதம் என்பது வென்றால் ஒரு வெள்ளிக்குத் திரும்பும் தொகை. ஒரு வகையிலுள்ள எல்லா முடிவுகளின் விகிதங்களாலும் 1-ஐத் தனித்தனியே வகுத்துக் கூட்டினால், 1-க்கு மேல் வருவது பந்தயம் நடத்துபவரின் மார்ஜின், அதாவது கழிவு.

எடுத்துக்காட்டாக, 1X2 வகையில் சொந்தத் திடல் அணிக்கு 2.10, சமநிலைக்கு 3.20, எதிரணிக்கு 3.00 என்று வைத்துக்கொள்வோம். கூட்டுத்தொகை ஏறத்தாழ 1.122, அதாவது, 100 வெள்ளி கட்டினால் சராசரியாக 89 வெள்ளிதான் திரும்பும். அதே ஆட்டத்துக்கு, இரு அணிகளுக்கு மட்டுமே விகிதம் தரும் ஏசியன் ஹேண்டிகேப்பில், கோல் சலுகை எதுவுமின்றி, 1.62, 2.30 எனக் கொடுத்திருந்தால் கூட்டுத்தொகை 1.052 ஆகிறது, இழப்பு சுமார் 5 வெள்ளி. உண்மையில் அதைவிடவும் குறைவு, ஏனெனில் ஆட்டம் சமநிலையில் முடிந்தால் கட்டிய பணம் அப்படியே திரும்பிவிடுகிறது. மேற்கண்ட விகிதங்களின்படி சமநிலைக்கான வாய்ப்பு 28 விழுக்காடு என்பதால், சராசரி இழப்பு சுமார் 3.60 வெள்ளியாகச் சுருங்குகிறது.

ஆனால், 1X2-இன் 11 வெள்ளி மூன்று முடிவுகளுக்கும் பொதுவான சராசரி மட்டுமே. வெல்ல வாய்ப்புக் குறைந்த அணியின் மீதே பெரும்பாலும் கழிவு அதிகமாக ஏற்றப்படுகிறது. அது எவ்வளவு என்பதைக் கூட்டுத்தொகை காட்டாது. குறைந்த கழிவு என்பதும் மெதுவாக இழப்பதே, லாபமன்று.