மோட்டாருக்கு கேபிளும் பிரேக்கரும் செட்டாக விற்கிறார்களா? பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்

கை நடுங்கக் கோபத்தில் எழுதுகிறேன். மோட்டார் எரிந்துவிட்டது. கேபிள், காயில் மறுபடி கட்டின கூலி எல்லாம் சேர்த்து 38,000 போச்சு.

மின்சாமான்களை ஆன்லைனில் செட்டாக விற்கும் தளம் ஒன்று. மோட்டாரின் நேம்பிளேட் போட்டோவை அனுப்பினேன்: 5.5 கிலோவாட், மூன்று பேஸ், 415 வோல்ட், 11 ஆம்பியர், நேரடி ஸ்டார்ட். போர்டிலிருந்து மோட்டார் 200 மீட்டர் தள்ளி இருப்பதையும் எழுதினேன். "தூரமெல்லாம் கணக்குப் போட்டாச்சு சார், 2.5 சதுர மி.மீ. காப்பர் தாராளமா போதும்" என்று அங்கிருந்த ஆள் பதில் போட்டார். தூரத்தை அவரே குறிப்பிட்டதால்தான் நம்பிப் பணம் கட்டினேன்.

அவர் பார்த்தது 11 ஆம்பியரை மட்டும்தான். அதற்கு 2.5 சூடாகாது, உண்மைதான். ஆனால் மோட்டார் சாதாரணமாக ஓடும்போதே 200 மீட்டரில் அந்தக் கம்பி கிட்டத்தட்ட 29 வோல்ட்டை விழுங்குகிறது. ஸ்டார்ட் ஆகும் சில நொடிகள் மோட்டார் ஆறு மடங்குக்கு மேல், 70 ஆம்பியர் வரை இழுக்கும். அப்போது போர்டில் 412 காட்டிய மீட்டர், மோட்டார் முனையில் 330-க்கு இறங்கியதை நானே பார்த்தேன். சுழற்றும் விசை வோல்ட்டேஜின் வர்க்கத்தோடு குறையும். 330-இல் 415-க்கான விசையில் சுமார் 63 சதவீதம்தான் மிச்சம். மோட்டார் உறுமிக்கொண்டே வெகுநேரம் கழித்துத்தான் வேகம் பிடித்தது. ஒவ்வொரு ஸ்டார்ட்டிலும் காயில் வெந்தது.

அவர்கள் கொடுத்த 16 ஆம்பியர் சி வகை பிரேக்கரும் ஸ்டார்ட்டில் அடிக்கடி விழுந்தது. சி வகை தன் ஆம்பியரைப் போல ஐந்து முதல் பத்து மடங்குக்குள் உடனே விழும், அதாவது 80 ஆம்பியரிலேயே விழக்கூடும். முதல் கணத்தின் உச்சம் 70-ஐத் தாண்டும். புகார் சொன்னதும் வந்த ஆள் 40 ஆம்பியர் பிரேக்கரை மாட்டி, அதிக கரண்ட் இழுத்தால் மோட்டாரை நிறுத்திக் காப்பாற்றும் ஓவர்லோட் ரிலேயின் திருகியைக் கடைசி எண் 18-க்குத் திருப்பிவிட்டு, "இனி ட்ரிப் ஆகாது" என்றார். ஆகவே இல்லை, மோட்டார் எரியும்வரை!

அப்புறம் கேட்டால் ஒருவர் "மோட்டார் பழசு" என்றார், இன்னொருவர் "உங்க கரண்ட் லோ வோல்ட்டேஜ்" என்றார். போர்டில் 412 இருந்த படத்தை அனுப்பியதும் "பதித்த கேபிளுக்கு வாரண்டி இல்லை" என்று புகாரையே மூடிவிட்டார்கள். 38,000-இல் ஒரு பைசாகூடத் திரும்பவில்லை.

விவரமாக எழுத நினைத்தேன், இப்போது முடியவில்லை. இதை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். இந்தத் தூரத்துக்கு 6 சதுர மி.மீ. காப்பர் வேண்டும், ஓடும்போது இழப்பு 3 சதவீதத்துக்குள், ஸ்டார்ட்டில் 9-க்குள் நிற்கும். ஸ்டார்ட்டில் பிரேக்கர் விழுந்தால் ஆம்பியரை ஏற்றாமல் 16-இலேயே ஸ்டார்ட் கரண்டைத் தாங்கும் டி வகை கேளுங்கள். ரிலேவை நேம்பிளேட் ஆம்பியருக்கு மேல் வைக்க விடாதீர்கள். ஓடும்போது, ஸ்டார்ட்டில் என்று இரண்டு வோல்ட்டேஜ் இழப்பையும் எண்ணாக எழுதித் தராதவரிடம் கேபிள் வாங்காதீர்கள்.