கறந்து கொட்டுவதா, காத்திருப்பதா? பாலூட்டும் நாட்களில் ஒரு கோப்பை ஒயின்

மகளுக்கு நான்கு மாதம் நடந்தபோது, நண்பர்கள் கூடிய ஒரு மாலையில் ஒரு கோப்பை ஒயின் குடித்தேன். குடித்து முக்கால் மணி நேரத்தில் பயம் பிடித்துக்கொண்டது. உள்ளறைக்குப் போய், பம்ப் வைத்து, இருபது நிமிடம் உட்கார்ந்து 90 மில்லி பாலை எடுத்துத் தொட்டியில் கொட்டினேன். பத்து நிமிடத்தில் நிறைந்துவிடும் புட்டிக்கு அன்றைக்கு ஏன் இருபது நிமிடம் ஆனது என்று அப்போது யோசிக்கவில்லை. அந்த 90 மில்லியைக் கொட்டியிருக்கவே தேவையில்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

பாலூட்டும் காலத்தில் மது குடிக்க நினைக்கும் ஒருத்திக்கு முன்னால் நான்கு வழிகள் இருக்கின்றன: குடிக்காமலே இருப்பது, குடித்துவிட்டுப் பாலைக் கறந்து கொட்டுவது, கடிகாரம் பார்த்துக் காத்திருப்பது, முன்கூட்டியே பால் எடுத்து வைப்பது. முதல் வழியில் விவாதிக்க எதுவும் இல்லை. எல்லாவற்றிலும் பாதுகாப்பானது அதுதான், மருத்துவ அமைப்புகளும் அதைத்தான் முதலில் சொல்கின்றன. குழந்தை பிறந்த முதல் மூன்று மாதம் நானும் அப்படித்தான் இருந்தேன். மீதி மூன்றைப் பற்றித்தான் பேச வேண்டும். என் சாய்வை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நான் காத்திருக்கும் கட்சி. எடுத்து வைத்த ஒரு புட்டி அதற்குத் துணை.

கறந்து கொட்டுவது ஏன் இவ்வளவு பேருக்குச் சரியாகப் படுகிறது என்றால், மார்பை நாம் ஒரு பாத்திரமாக நினைத்துக்கொள்கிறோம். கெட்ட பால் உள்ளே தேங்கி நிற்கிறது, அதை வெளியேற்றினால் நல்ல பால் ஊறும் என்று கணக்குப் போடுகிறோம். ஆல்கஹால் அப்படி நடந்துகொள்வதில்லை. அது தண்ணீரில் கரையும் மிகச் சிறிய மூலக்கூறு. இரத்தத்திலிருந்து பாலுக்குத் தடையில்லாமல் போகும், அதே வழியாகத் தடையில்லாமல் திரும்பியும் வரும். அதனால் எந்த நேரத்தில் பார்த்தாலும் பாலில் உள்ள அளவு, இரத்தத்தில் உள்ள அளவை ஒட்டியே இருக்கும். வெறும் வயிற்றில் குடித்தால் அரை மணியிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் இரண்டிலும் உச்சம் தொடும். சாப்பாட்டோடு குடித்தால் உச்சம் இன்னும் அரை மணி தள்ளிப் போகும். பிறகு கல்லீரல் இரத்தத்தில் உள்ளதைக் கரைக்கக் கரைக்க, பாலில் உள்ளதும் இரத்தத்துக்குத் திரும்பிக் குறைந்துகொண்டே வரும்.

என் மாலையை இந்தக் கணக்கில் வைத்துப் பார்க்கிறேன். 7.30-க்குக் குடிக்க ஆரம்பித்து 8 மணிக்கு முடித்தேன். 8.45-க்குப் பம்ப் செய்து கொட்டினேன். அப்போது என் இரத்தத்தில் ஆல்கஹால் நன்றாகவே இருந்தது. ஆகவே 8.45-க்குப் பிறகு சுரந்த புதுப் பாலும் அதே இரத்தத்திலிருந்து அதே ஆல்கஹாலோடுதான் வந்தது. மகள் 9.30-க்கு எழுந்து குடித்திருந்தால், நான் கொட்டியிருந்தாலும் கொட்டாமல் இருந்தாலும் அவளுக்குக் கிடைத்திருக்கக்கூடிய பாலில் ஆல்கஹால் ஒரே அளவில்தான் இருந்திருக்கும். பம்ப் எதையும் வேகப்படுத்தவில்லை.

இன்னும் ஒன்று இருக்கிறது, எனக்கு ரொம்ப வேடிக்கையாகப் பட்டது. மார்பில் இருக்கும் பால் தானாகவே சுத்தமாகிவிடும், ஏனென்றால் அது இரத்தத்தோடு தொடர்பில் இருக்கிறது. புட்டிக்குள் வந்துவிட்ட பாலுக்கு அந்தத் தொடர்பு அறுந்துவிடுகிறது. உச்ச நேரத்தில் கறந்து ஃப்ரிட்ஜில் வைத்தால், மறுநாள் காலையிலும் அதே ஆல்கஹால் அதில் இருக்கும். ஆக, கொட்ட வேண்டிய பாலை உண்டாக்கியதே என் பம்ப்தான்.

அந்த இருபது நிமிடத்துக்கும் காரணம் உண்டு. மது, பால் இறங்க வைக்கும் ஆக்சிடோசினை மட்டுப்படுத்துகிறது. மார்பில் பால் இருக்கும், ஆனால் சீக்கிரம் இறங்காது. ஜூலி மென்னெல்லாவும் கேரி போஷாம்பும் 1991-இல் வெளியிட்ட ஆய்வில், தாய் மது குடித்த பிறகு குழந்தைகள் வழக்கத்தைவிடக் குறைவாகப் பால் குடித்ததைப் பதிவு செய்தார்கள். பீர் குடித்தால் பால் ஊறும் என்று யாராவது சொன்னால், நடப்பது நேர்மாறு என்று சொல்லிவிடலாம்.

சரி, காத்திருப்பது என்றால் எவ்வளவு நேரம்? இங்கேதான் ஒரு விஷயம் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது: ஒரு கோப்பை என்று நீங்கள் எதைச் சொல்கிறீர்கள்? கணக்குகளில் வரும் ஒரு பானம் என்பது சுமார் 14 கிராம் ஆல்கஹால். 12 சதவீத ஒயின் என்றால் 150 மில்லி, 5 சதவீத பீர் என்றால் 350 மில்லி, 40 சதவீத விஸ்கி, ரம் வகை என்றால் 45 மில்லி. இந்த அளவுக்குக் குறைந்தது இரண்டு மணி நேரம் காத்திருக்கச் சொல்கிறார்கள். எடை இதில் முக்கியம். டொராண்டோவின் மதர்ரிஸ்க் குழு 2001-இல் எடைவாரியாக ஓர் அட்டவணை வெளியிட்டது. அதில் 60 கிலோ பெண்ணுக்கு ஒரு பானம் பாலிலிருந்து முழுதாக நீங்க இரண்டரை மணிக்குச் சற்றுக் குறைவாக ஆகும். எடை குறைந்தால் நேரம் நீளும். இரண்டு பானம் என்றால் நேரமும் இரட்டிப்பாகி ஐந்து மணியை நெருங்கும். கல்லீரல் ஒரே வேகத்தில்தான் வேலை செய்கிறது. காபி, குளியல், நிறையத் தண்ணீர் எதுவும் அதை அவசரப்படுத்தாது.

கோப்பை அளவில்தான் முதலில் நான் ஏமாந்தேன். வீட்டில் இருந்த பெரிய ஒயின் கோப்பையில் வழக்கம்போல் ஊற்றி, பிறகு அளவுக் குவளையில் கொட்டிப் பார்த்தால் 220 மில்லி. அது ஒன்று அல்ல, ஒன்றரைப் பானம். ஸ்ட்ராங் பீர் இன்னும் மோசம்: 8 சதவீதத்தில் 500 மில்லி டின் ஒன்றில் ஏறக்குறைய 31 கிராம் இருக்கிறது, அதாவது இரண்டு பானத்துக்கு மேல். ஒரு பீர்தானே என்று இரண்டு மணி நேரத்தில் பால் கொடுத்தால், பாதிக் கணக்கில்கூட நாம் வந்திருக்க மாட்டோம். அதனால் ஒரே ஒரு முறையாவது அளந்து ஊற்றிப் பாருங்கள், அப்புறம் கண்ணே பழகிவிடும்.

இப்போது நான் செய்வது இதுதான். மகள் மூன்று மணிக்கு ஒருமுறை குடிக்கிறாள். மாலை 7 மணிக்கு வயிறு நிறையக் கொடுத்துவிடுவேன். 7.15-க்கு இரவுச் சாப்பாட்டோடு 150 மில்லி ஒயின், 7.45-க்குள் முடிந்துவிடும். மதர்ரிஸ்க் அட்டவணை நேரத்தைக் குடிக்கத் தொடங்கியதிலிருந்து எண்ணுகிறது. நான் கடைசி வாய் குடித்த நேரத்திலிருந்து எண்ணுகிறேன், அரை மணி கூடுதலாகக் கிடைக்கட்டும் என்று. 7.45-உடன் இரண்டரை மணி சேர்த்தால் 10.15. அவளுடைய அடுத்த பசி வழக்கமாக வரும் நேரமும் ஏறக்குறைய அதுதான். ஒரு வேளைகூடத் தவறுவதில்லை, ஒரு சொட்டுப் பாலும் கொட்டப்படுவதில்லை.

குழந்தை கடிகாரம் பார்க்காதே? அதற்குத்தான் அந்தப் புட்டி. மது குடிக்காத காலை நேரத்தில் எடுத்த 100 மில்லி பால் ஃப்ரிட்ஜில் இருக்கும். நான்கு நாள் வரை தாங்கும் என்பதால் அவசரமில்லை. 9 மணிக்கே எழுந்துவிட்டால் அதைக் கொடுப்போம். முன்கூட்டி எடுத்து வைப்பதைத் தனி வழியாகச் சொல்லும் தோழிகள் இருக்கிறார்கள். ஒரு கோப்பைக்கு மட்டும் என்றால் அது கூடுதல் உழைப்பு என்பது என் எண்ணம். புட்டியையே தொடாத குழந்தையிடம் அது எடுபடவும் செய்யாது. முதல் முறை மகளும் தலையைத் திருப்பிக்கொண்டாள். குடிக்கத் திட்டமிடும் நாளுக்கு முன்பே ஒருமுறை புட்டி கொடுத்துப் பழக்கிவிட்டால் அந்தப் பதற்றம் இருக்காது.

இரண்டு பானம் என்றால் கதை மாறுகிறது. 7.15-இலிருந்து 8.30 வரை இரண்டு கோப்பை குடித்தால், என் முறைப்படி நள்ளிரவு தாண்டி 1.30 ஆகும். நடுவில் ஒரு வேளை கட்டாயம் தவறும். அப்போது புட்டி துணை என்ற நிலை போய், அதுவே பிரதான வழி ஆகிவிடும். மார்பும் கனத்துவிடும். பம்ப்புக்கு நியாயமான வேலை அந்த இடத்தில்தான் வருகிறது: பால் கட்டிக்கொண்டு வலிக்காமல் இருக்க, பாரம் குறையும் அளவுக்கு மட்டும் எடுப்பது. அப்போது வரும் பாலைக் கொட்டத்தான் வேண்டும், ஆனால் கொட்டியதால் 1.30 என்ற நேரம் முன்னால் வந்துவிடாது. நான் இதை ஒரே ஒருமுறைதான் செய்திருக்கிறேன், அதனால் இதில் என் சொந்த அனுபவம் குறைவு.

பாலில் ஆல்கஹால் இருக்கிறதா என்று காட்டும் சோதனைப் பட்டைகளும் கிடைக்கின்றன. ஒரு பாக்கெட் வாங்கி இரண்டு முறை பார்த்தேன், கடிகாரம் சொன்னதையே அவையும் சொன்னன. மீதி அலமாரியில் கிடக்கிறது.

தவறிப்போய் சீக்கிரமே கொடுத்துவிட்டால் என்ன ஆகும் என்ற பயத்துக்கும் ஒரு கணக்கு உண்டு. ஒரு பானத்தின் உச்சத்தில் 100 மில்லி பாலில் சுமார் 0.04 கிராம் ஆல்கஹால் இருக்கும். அம்மா குடித்தது 14 கிராம். ஒருமுறை நடந்துவிட்டால் அலற வேண்டியதில்லை. ஆனால் பிறந்து சில வாரமே ஆன குழந்தையின் கல்லீரல், பெரியவர்களோடு ஒப்பிட்டால் ஏறத்தாழ பாதி வேகத்தில்தான் ஆல்கஹாலைக் கரைக்கும். அதனால்தான் அந்த மூன்று மாதத்தில் என் கடிகாரக் கணக்கை நான் நம்பவில்லை. தினமும் குடிக்கும் வழக்கத்துக்கும் இந்தக் கணக்கு பொருந்தாது, அதை மருத்துவரிடம்தான் பேச வேண்டும்.

பாலைவிட எனக்கு அதிகம் கவலை தருவது படுக்கை. மது குடித்த இரவில் குழந்தையைப் பக்கத்தில் போட்டுத் தூங்குவது ஆபத்து. தூக்கம் ஆழமாகி, குழந்தை அடியில் சிக்கினாலும் தெரியாமல் போகலாம். அன்று ராத்திரி அவள் தொட்டிலில்தான். 9 மணிக்கு எழுந்தால் தூக்கிப் புட்டி கொடுப்பது கணவர், ஏனென்றால் அந்த மாலைகளில் ஒயின் எனக்கு மட்டும்தான்.