ஈ.எம்.38 கருவியோடு மூன்று வருடம்: தலைஞாயிறு பக்கத்து உவர் வயலில்

கடைமடையில் உள்ள ஆறு ஏக்கர் களிமண் வயல் அது. சம்பா அறுத்து ஈரம் காயாத மார்ச்சில், மண்ணின் மின்கடத்துத் திறனைக் காட்டும் ஈ.எம்.38 கருவியை வரிசை வரிசையாக வைத்து அளந்தோம். வடகிழக்கு மூலையில் மீட்டருக்கு 240 மில்லிசீமன்ஸ் வந்தது. மே மாதம் அதே இடத்தில் 120. மண் வெடித்து, மேலே வெள்ளையாக உப்பு பூத்திருந்தது. "உப்பு கண்ணுக்கே தெரியுது, மெஷின் பாதியாயிடுச்சுங்குதே தம்பி" என்றார் வயல்காரப் பெரியவர். அவர் கேட்டது நியாயம்தான்.

கருவி உப்பை அளப்பதில்லை. மண்ணில் மின்காந்தத் தூண்டலால் ஓடும் மின்னோட்டத்தைத்தான் அளக்கிறது. அந்த ஓட்டத்துக்கு வழி ஈரம். காய்ந்தால் உப்பு இருந்தும் எண் இறங்கிவிடும். களிமண் கூடினால் உப்பில்லாமலும் ஏறும். அதனால் இப்போது நல்ல ஈரத்தில் மட்டுமே அளக்கிறேன், மண் மாதிரியையும் அன்றே எடுத்துவிடுகிறேன்.

முதல் வருடம் மாதிரியிலும் சறுக்கினேன். மேல் 15 செ.மீ. மண்ணை மட்டும் எடுத்து, ஒரு பங்கு மண்ணுக்கு இரண்டரைப் பங்கு நீர் சேர்த்து அளக்கக் கொடுத்தேன். அந்த மூலைக்கு மீட்டருக்கு 1.1 டெசிசீமன்ஸ் என்று வந்தது. கருவி எண்ணோடு அது ஒட்டவே இல்லை. நிமிர்த்தி வைத்தால் கருவி ஏறக்குறைய ஒன்றரை மீட்டர் வரை பார்க்கிறது. அப்புறம் பன்னிரண்டு இடம் தேர்ந்தேன். எண் குறைந்தது, நடுத்தரம், கூடியது என எல்லாம் கலந்த இடங்கள். ஒவ்வொன்றிலும் 30 செ.மீ.க்கு ஒன்றாக 90 வரை துளைத்தேன். ஆய்வுக்கூடத்தில் மண்ணைக் கூழாகக் குழைக்கச் சொன்னேன். கூழ் பளபளக்க வேண்டும், கரண்டியைச் சாய்த்தால் வழுக்கி விழ வேண்டும், மேலே நீர் தேங்கக் கூடாது. அதிலிருந்து உறிஞ்சிய சாற்றை அளந்தபோது அந்த மூலையின் மேல் அடுக்கே 4.6 காட்டியது. 4 தாண்டினால் உவர் நிலம். நெல்லோ 3 தாண்டினாலே மகசூல் குறையத் தொடங்கும்.

பன்னிரண்டு புள்ளிகளுக்கும் கருவி எண், ஆய்வுக்கூட எண் இரண்டுக்கும் மடக்கை எடுத்து வரைந்தால் ஒரு கோட்டில் வந்தன, ஒன்றைத் தவிர. அது பழைய வாய்க்கால் மணல் ஓடிய இடம். அதைத் தனியாக வைத்தேன்.

எனக்கு அதிகம் உதவியது கருவியைப் படுக்கவைத்தும் அளப்பதுதான். அப்போது மேல் முக்கால் மீட்டர்தான் முக்கியமாகத் தெரியும். அந்த மூலையில் படுத்த எண் நிமிர்ந்த எண்ணை விடக் கூடுதல். அடியிலிருந்து உப்பு நீர் ஏறி மேலே தங்குகிறது என்று அர்த்தம். அங்கே வடிகாலைத் தூர்வாராமல் நீர் மட்டும் விட்டுக் கழுவினால் உப்பு திரும்ப ஏறிவிடும்.

சாவியையும் செல்போனையும் வரப்பில் வைத்துவிடுங்கள். போர் குழாய்க்கும் கம்பி வேலிக்கும் பக்கத்தில் அளக்காதீர்கள். மணிக்கொரு தடவை முதல் புள்ளிக்குத் திரும்பி வந்து பாருங்கள்; வெயிலில் கருவி சூடானால் எண் நகரும். கருவி எண்ணை உப்பளவாக மாற்றும் போன வருடக் கோட்டின் சமன்பாட்டை இந்த வருட எண்களுக்குப் போடாதீர்கள். ஈரம் மாறியிருக்கும், மறுபடி துளைக்கத்தான் வேண்டும்.