கடலூர்க் காற்றுக்கு எந்தக் கத்தி?

கத்தி செட் வாங்கும்போது எத்தனை கத்தி இருக்கிறது என்று எண்ணுவதைவிட, எந்த எஃகு என்று பாருங்கள். எங்கள் வீட்டில் மூன்று வகையையும் புழங்கியிருக்கிறேன்.

முதலாவது, கார்பன் ஸ்டீல். பட்டறையில் அடித்துத் தரும் இரும்புக் கத்தி இந்த வகைதான். கல்லில் நாலு தேய்ப்பில் கூர் வந்துவிடும். ஆனால் மாங்காய் நறுக்கினால் கறுக்கும். இந்த உப்புக் காற்றில் ஈரத்தோடு வைத்தால் மறுநாள் காலையில் துருப் புள்ளிகள் தெரியும். துடைத்து எண்ணெய் தடவும் பழக்கம் உள்ளவர்களுக்கு மட்டும் இது சரி.

அடுத்தது, ஜப்பான் பாணியில் வரும் கடினமான எஃகு. எஃகின் கடினத்தைச் சொல்லும் ராக்வெல் அளவில் 60-ஐ ஒட்டி இருக்கும். தக்காளியைத் தாள் போலச் சீவலாம், கூரும் நெடுநாள் நிற்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை அதை வைத்து வஞ்சிர மீனின் நடுமுள்ளை வெட்டினேன். கூரில் அரிசிமணி அளவுக்குப் பிறை போல ஒரு துண்டு உடைந்துவிட்டது. கடினம் கூடினால் எஃகு வளையாது, தெறித்துவிடும். அந்தப் பள்ளம் மறைய முழு விளிம்பையும் சொரசொரப்பான கல்லில் தேய்த்து இறக்க வேண்டியிருந்தது. இரண்டு மாலை போனது.

அதனால் மீன் புழங்கும் வீட்டுக்கு நான் சொல்வது மூன்றாவது வகை: கடினம் 55, 56 அளவில் இருக்கும் ஜெர்மன் பாணி ஸ்டெயின்லெஸ். முள்ளில் பட்டால் விளிம்பு மடங்கும், சட்டென்று உடையாது. மடங்கியதைக் கூர் தீட்டும் கம்பியில் மெல்ல இழுத்தால் நிமிர்ந்துவிடும். கூர் சீக்கிரம் மழுங்கும் என்பதுதான் குறை. துறைமுகத்திலேயே மீனைத் துண்டு போட்டு வாங்குபவர்களும் சைவ வீட்டுக்காரர்களும் கடின எஃகைத் தாராளமாக எடுக்கலாம்.

கைப்பிடியில் மரத்தை ஆணி அடித்துப் பொருத்தியது பிடிக்க அழகாக இருக்கும். ஆனால் ஊறிக் காய்ந்து, மரத்துக்கும் இரும்புக்கும் நடுவே இடுக்கு விடும், மீன் தண்ணீர் உள்ளே இறங்கி வாடை நிற்கும். கடையிலேயே நகத்தை அந்த இணைப்பில் ஓட்டிப் பாருங்கள், தட்டினால் வேண்டாம். இடுக்கே இல்லாமல் வார்த்த பிளாஸ்டிக் பிடி இங்கே நன்றாக உழைக்கிறது.

கூர் தீட்ட 1000 தரக் கல் ஒன்று போதும். தாளின் மூலையை ஒருமுறை மடித்தால் 45 பாகை, இன்னொரு முறை மடித்தால் 22-க்குச் சற்று மேல். கல்லின் மேல் கத்தியை அந்தச் சாய்வைவிடக் கொஞ்சம் தாழ்த்திப் பிடித்துத் தேயுங்கள். மறுபக்க விளிம்பை விரலால் குறுக்கே தடவினால் மெல்லிய பிசிறு தட்டுப்படும், அப்போது திருப்புங்கள். தெருவில் சாணை பிடிக்கக் கொடுத்தால் அருகிலேயே நில்லுங்கள். விளிம்பு நீலம் பாய்ந்தால் சூட்டில் எஃகின் பதம் போய்விட்டது, அந்த இடத்தில் அப்புறம் கூர் நிற்காது.

செட்டில் தினமும் கைக்கு வருவது 8 அங்குலக் கத்தியும் சின்னக் கத்தியும்தான். அந்த இரண்டையும் தனியாக வாங்கி, மிச்சப் பணத்தில் கல் வாங்கிவிடுங்கள்.