சீலிங்கைப் பிரிக்காமல் ஊதி நிரப்பிய காகிதப் பஞ்சு: உதகையில் மூன்று குளிர்காலங்கள்

கொடைக்கானலில் பழைய வீடு ஒன்றை வாங்கியிருக்கும் நண்பர் சென்ற வாரம் தொலைபேசியில், "அண்ணே, சீலிங் மேல ஏதோ ஊதி வச்சீங்களே, அது பிரயோஜனமா? நானும் போடட்டுமா?" என்று கேட்டார். ஒரு வார்த்தையில் பதில் சொல்ல முடியாததால் இதை எழுதுகிறேன்.

எங்கள் வீடு உதகையில் இருக்கிறது: கல் சுவர், தகரக் கூரை, அதன்கீழ் மரப்பலகை சீலிங். வீட்டின் சூடு மேலே கசியாமலிருக்க, பலகைகளைத் தொடாமல், பரணுக்கு ஏறும் சதுரத் திறப்பின் வழியே நீண்ட குழாயை நுழைத்து, போராக்ஸ் கலந்த காகிதத் துகளை இயந்திரத்தால் ஊதி நிரப்பினார்கள். கீழே ஒருவர் மூட்டைகளைப் பிரித்து இயந்திரத்தில் கொட்ட, மேலே ஒருவர் குழாயைப் பிடித்துப் பரப்ப, ஒரே நாளில் வேலை முடிந்தது. முன்பு ஜனவரி விடியற்காலையில் 11 டிகிரிக்கு இறங்கிய படுக்கையறை இப்போது 15க்குக் கீழே போவதில்லை. தகரத்தில் மழை அடிக்கும் சத்தமும் பாதியாகக் குறைந்துவிட்டது. இவற்றில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

என் கோபம் முழுவதும் சொட்டு நீரைப் பற்றியது. முதல் குளிர்காலத்தில், மழையே இல்லாத டிசம்பர் மாதக் காலைகளில், குளியலறையை ஒட்டிய சீலிங்கில் பழுப்புக் கறைகள் தோன்றின. கூரை ஒழுகுகிறது என்று நினைத்துத் தகரத்தின் மேல் தார் பூச வைத்து அந்தச் செலவையும் வீணாக்கினேன். கறை அப்போதும் நிற்கவில்லை.

ஒருநாள் காலை எட்டரை மணிக்கு டார்ச் விளக்குடன் பரணில் ஏறிப் பார்த்த பிறகுதான் விஷயம் புரிந்தது. தகரத்தின் அடிப்பக்கம் முழுவதும் வெண்மையாக உறைபனி படிந்திருந்தது. வெயில் ஏறியதும் அது உருகி, சீலிங் பக்கம் நீட்டிக்கொண்டிருந்த ஒவ்வொரு ஆணியின் நுனியிலும் சொட்டாகத் திரண்டு விழுந்தது. கீழே காகிதத் துகளில், ஆணி வரிசைக்கு நேராக, ஒரே இடைவெளியில் சிறு சிறு குழிகள். தொட்டால் ஊறிய காகிதக் கூழைப் போல் கையில் ஒட்டியது. ஒழுக்கு என்றால் ஓரிடத்திலிருந்து தாரை போல் தடம் இருக்கும், மழையன்றுதான் வரும். இது தெளிந்த வானமுள்ள பனி இரவுக்குப் பின், வெயில் பட்ட பிறகு மட்டும் வந்தது.

காரணம் எளிது. குளியலறை எக்ஸாஸ்ட் ஃபேனின் குழாய் பல வருடங்களாகப் பரணுக்குள்ளேயே முடிந்திருந்தது. முன்பெல்லாம் வீட்டிலிருந்து கசிந்த சூடு பரணை ஓரளவு வெதுவெதுப்பாக வைத்ததால் நீராவி அங்கே அவ்வளவாகப் படியவில்லை. சூட்டைக் கீழேயே நிறுத்தியதும் பரண் குளிர்ந்தது; தெளிந்த இரவில் தகரம் வெளிக்காற்றைவிடவும் குளிர்ந்துபோவதால், வெந்நீர்க் குளியலின் ஆவி நேராக அதில் போய் உறைந்தது. போதாததற்கு, இறவாரத்தின் காற்றுத் துளைகளையும் அடைத்தே ஊதிவிட்டார்கள். ஊதுவதற்கு முன் இந்த இரண்டையும் பார்ப்பது ஒப்பந்தக்காரரின் கடமை. "அது எங்க வேலை இல்ல சார்" என்று அவர் சொன்னதை இன்றுவரை என்னால் ஏற்க முடியவில்லை.

சரிசெய்ய நான்கு நாள் ஆனது. சட்டங்களின் மேல் பலகை போட்டு நடந்து, நனைந்த துகளைப் பிளாஸ்டிக் முறத்தால் அள்ளி எறிந்தோம். உலர்ந்ததை ஒதுக்கிவைத்து, பலகை இடுக்குகளையும் மின்கம்பி இறங்கும் ஓட்டைகளையும் சீலன்ட் கொண்டு அடைத்து, மீண்டும் பரப்பினோம். ஃபேன் குழாயைக் கூரைக்கு வெளியே கொண்டுபோனோம். இறவாரத்தில் துகள் சரியாமல் தடுக்க அட்டைத் தடுப்பு வைத்தோம். பரண் மூடிக்கு ரப்பர் பட்டி ஒட்டினோம். அதன் பின் இரண்டு குளிர்காலம் கடந்துவிட்டது. ஒரு சொட்டு இல்லை.

அளவு விஷயத்தில் அந்த ஒப்பந்தக்காரர் நேர்மையாகவே நடந்துகொண்டார் என்பதையும் சொல்லவேண்டும். 60 சதுர மீட்டருக்கு 20 சென்டிமீட்டர் உயரம், 12 கிலோ மூட்டை 30 என்று பேசி, காலி மூட்டைகளை எண்ணிக் காட்டினார். காற்றை அதிகம் கலந்து உயரத்தை மட்டும் காட்டுபவர்களும் உண்டு என்பதால் மூட்டைக் கணக்குதான் முக்கியம். இப்போது அமுங்கி 17 சென்டிமீட்டர் இருக்கிறது; இது எதிர்பார்த்த அமுங்கல்தான். புகைபோக்கியைச் சுற்றித் தகர வளையம் வைத்து இடைவெளி விட்டதும் அவர்தான்.

இவ்வளவு சொன்ன பிறகும், நண்பருக்கு இந்த வருடம் போடவேண்டாம் என்றுதான் சொன்னேன். அவர் வீட்டிலும் குளியலறை ஃபேன் பரணுக்குள்தான் ஊதுகிறது. முதலில் அந்தக் குழாய் வெளியே போகட்டும், பலகை இடுக்குகள் அடைபடட்டும். அடுத்த மார்ச்சில், பரண் நன்றாகக் காய்ந்திருக்கும்போது, நானே வந்து பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன்.