வாசலில் நிற்பவருக்கு எது சரி: கை குலுக்கலா, கும்பிடா, தலையசைப்பா?

அண்ணன் மகள் கல்யாணத்தில் மண்டப வாசலில் நின்று வருகிறவர்களை வரவேற்கும் வேலை எனக்கு வந்தது. பெண் வீட்டார், மாப்பிள்ளை வீட்டார், அண்ணனின் ஆபீஸ் ஆட்கள், ஊர்ப் பெரியவர்கள் என்று எல்லா வகையினரும் வருவார்கள். யாருக்கு என்ன செய்வது என்று ஒவ்வொருவராக யோசித்துக்கொண்டிருக்க முடியாது. அதனால் எல்லோருக்கும் கும்பிடு என்று முதலிலேயே தீர்மானித்துவிட்டேன். இன்னொரு முறை வாசலில் நிற்கச் சொன்னாலும் அதையேதான் செய்வேன்.

கை குலுக்குவதில் நெருக்கம் இருக்கிறது, கும்பிடுவதில் மரியாதை இருக்கிறது, தலையசைப்பில் சிரமம் இல்லை. இதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். நான் பார்த்தது வேறு ஒன்றை: எதிரில் இருப்பவர் பதில் தராவிட்டால் என்ன ஆகும்?

கை குலுக்கலில் பாதி வேலை எதிராளியுடையது. நாம் கை நீட்டிவிட்டால் அவர் பிடித்தே ஆக வேண்டும். அவர் கையில் மொய்க்கவரும் பரிசுப் பையும் இருக்கலாம், இடுப்பில் குழந்தை இருக்கலாம். அந்நிய ஆணின் கையைத் தொட விரும்பாத பெண்ணாக இருக்கலாம். எதுவானாலும் அந்த ஒரு நொடியில் சங்கடம் அவருக்கு, அந்தரத்தில் நிற்பது நம் கை. அதோடு கணவருக்குக் கை கொடுத்துவிட்டு, பக்கத்தில் நிற்கும் மனைவிக்கும் மாமியாருக்கும் என்ன செய்வது? ஒரே குடும்பத்துக்கு மூன்று விதமான வரவேற்பு என்றாகிவிடும்.

கும்பிடு அப்படியில்லை. நாம் செய்த உடனே அது முழுமையாகிவிடுகிறது. பதில் கும்பிடு வந்தால் நல்லது, சிரிப்பு மட்டும் வந்தாலும் குறையில்லை. ஐந்து பேர் சேர்ந்து வந்தால் ஐந்து பேருக்கும் ஒரே கும்பிடு போதும்.

ஆனால் கையைக் கூப்பினால் மட்டும் போதாது, கண் எங்கே இருக்கிறது என்பதில்தான் விஷயமே. ஆடம் கெண்டனும் ஆண்ட்ரூ ஃபெர்பரும் 1973-ல் வெளியிட்ட ஆய்வில், விருந்துக்கு வருகிறவர்கள் எப்படி வரவேற்கப்படுகிறார்கள் என்பதைப் படமெடுத்துப் பார்த்திருக்கிறார்கள். தூரத்திலேயே கண்ணால் ஒரு வரவேற்பு நடக்கிறது. நடந்து நெருங்கும்போது பார்வை கொஞ்சம் விலகுகிறது. பக்கத்தில் வந்ததும் மறுபடி முகம் பார்த்து இரண்டாவது வரவேற்பு. கை குலுக்கல் இந்த இரண்டாவது கட்டத்துக்கு மட்டுமே உதவும். கும்பிடு இரண்டுக்கும் ஆகும்.

வாசலில் நான் செய்தது இதுதான். ஆள் பத்தடி தூரத்தில் வரும்போதே கண்ணைப் பார்த்துச் சிரிப்பது. நெருங்கியதும் நெஞ்சுக்கு நேராகக் கை கூப்பி, தலையைக் கொஞ்சம் தாழ்த்தி, "வாங்க, வாங்க" என்பது. அவர் முகத்தில் பதில் தெரியும்வரை கையைப் பிரிக்காமல் இருப்பது. கெட்டுப்போவது பெரும்பாலும் இந்தக் கடைசி இடத்தில்தான். கை கூப்பியிருக்கும், கண் அதற்குள் பின்னால் வருகிறவரைத் தேடிப் போய்விடும். வந்தவர் அதைக் கட்டாயம் கவனிப்பார். பாதம் மண்டபத்துக்குள் திரும்பியிருந்தாலும் அப்படித்தான், எப்போது உள்ளே ஓடலாம் என்று நிற்பது போல இருக்கும். கூப்பிய கை தலைக்கு மேலே போனால் ஓட்டுக் கேட்கிற சாயல் வந்துவிடும்.

தலையசைப்பைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. தினமும் பார்க்கிற பக்கத்து வீட்டுக்காரருக்கு அது போதும். தாடையை மேலே தூக்கி அசைத்தால் தோழமை, கீழே தாழ்த்தினால் மரியாதை. முதல் வகையைப் பெரியவர்களிடம் காட்டினால் திமிர் என்பார்கள். கூட்டத்தில் அது கண்ணில் படாமலும் போகும். "வாசல்லயே நின்னான், ஒரு வாங்கன்னு சொல்லல" என்ற பேச்சு பந்தியிலேயே கிளம்பிவிடும்.

கும்பிடுக்கும் ஒரு குறை உண்டு. இரண்டு கையும் காலியாக இருக்க வேண்டும். பன்னீர்ச் சொம்பையும் சந்தனக் கிண்ணத்தையும் நீங்களே வைத்துக்கொண்டால் அது நடக்காது. அந்த வேலையைப் பக்கத்தில் நிற்கும் பிள்ளைகளிடம் கொடுத்துவிடுங்கள். கையில் ஏதாவது இருந்தே தீர வேண்டும் என்றால், வலது கையை நெஞ்சில் வைத்துத் தலை தாழ்த்தினால் ஓரளவு ஈடாகும்.

பெரிய கம்பெனி இன்டர்வியூக்களிலும் வெளிநாட்டு ஆட்களுடன் நடக்கிற மீட்டிங்குகளிலும் இது எப்படி எடுபடும் என்று உறுதியாகச் சொல்ல எனக்கு அனுபவம் போதாது. அங்கே கை குலுக்கல்தான் வழக்கம் என்பதால் அதையே செய்வேன் என்று நினைக்கிறேன். பழக்கத்தின் பலம் அப்படி. 2020 மார்ச்சில், கொரோனா பரவத் தொடங்கிய நேரம், லண்டன் விழா ஒன்றில் அப்போது இளவரசராக இருந்த சார்லஸ் வழக்கம்போலக் கையை நீட்டி, சட்டென்று இழுத்துக்கொண்டு கும்பிட்டார்.

கல்யாண வாசலிலும் அண்ணனின் ஆபீஸ் நண்பர்கள் சிலர் நான் கும்பிட்டுக்கொண்டிருக்கும்போதே கையை நீட்டினார்கள். அப்போது பிடிவாதமாகக் கூப்பிய கையோடு நிற்கக் கூடாது. உடனே பிரித்து அவர் கையைப் பிடித்துவிட வேண்டும்.